டிஸ்ப்ளே அணைந்துவிட்டால் போதுமா?

கே: மோட்டார் டிரைவின் மெயினை அணைத்தேன். டிஸ்ப்ளேயும் அணைந்துவிட்டது. மூடியைக் கழற்றலாமா?

கூடாது. டிஸ்ப்ளேக்கு மின்சாரம் தரும் சர்க்யூட் நின்றுவிட்டது, அவ்வளவுதான். கெபாசிட்டரில் அப்போதும் நூறு வோல்ட்டுக்கு மேல் மிச்சமிருக்கலாம். அதை மெல்ல வடிப்பது ப்ளீடர் ரெசிஸ்டரின் வேலை. அதற்கு நேரம் கொடுங்கள்.

கே: எவ்வளவு நேரம்? கணக்காகச் சொல்லுங்கள்.

415 வோல்ட் மூன்று ஃபேஸ் டிரைவில் டிசி பக்கம் ஏறக்குறைய 587 வோல்ட் நிற்கும். கெபாசிட்டர் மொத்தம் 4700 மைக்ரோஃபாரட், ப்ளீடர் 22 கிலோ ஓம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் பெருக்கினால் 103 வினாடி. 50 வோல்ட்டுக்கு இறங்கும் நேரத்துக்கான சூத்திரம் இது:

t = R × C × ln(V0 / V)

விடை 255 வினாடி, அதாவது நாலேகால் நிமிடம். லாக் பார்க்க நேரமில்லையென்றால் 103-ஐ 0.69 ஆல் பெருக்குங்கள். 72 வினாடிக்கு ஒருமுறை வோல்டேஜ் பாதியாகும்: 587, 293, 147, 73, 37. கெபாசிட்டரின் உண்மை அளவு 20 சதவீதம் கூடுதலாக இருந்தால் ஐந்து நிமிடத்தையும் தாண்டும். டிரைவின் மேல் இதைவிட அதிக நேரம் எழுதியிருந்தால் அதுதான் கணக்கு.

கே: 2.2 கிலோ ஓம் போட்டால் 25 வினாடியில் முடிந்துவிடுமே?

முடியும். ஆனால் டிரைவ் ஓடும் நேரமெல்லாம் அந்த ரெசிஸ்டர் 157 வாட் சூட்டைக் கக்கிக்கொண்டிருக்கும். 22 கிலோ ஓமில் அது 16 வாட்தான். அதனால்தான் பொறுமையான ப்ளீடரை வைக்கிறார்கள்.

கே: ப்ளீடரே போயிருந்தால் எப்படித் தெரியும்?

இதுதான் ஆளைக் கொல்லும் கோளாறு. ரெசிஸ்டர் உள்ளே அறுந்துபோனாலும் டிரைவ் வழக்கம்போல ஓடும், வெளியே ஒன்றும் தெரியாது. 1000 வோல்ட் தாங்கும் மீட்டரை டிசி பிளஸ், மைனஸ் டெர்மினல்களில் வைத்து, டிஸ்ப்ளே அணைந்த பிறகு நேரம் பாருங்கள். அதற்கு முன் டிரைவின் சொந்த சர்க்யூட்டும் மின்சாரத்தை இழுப்பதால் கணக்கு ஒத்துவராது. 72 வினாடியில் பாதியானால் ப்ளீடர் நலம். முள் நகர மறுத்தால் ரெசிஸ்டர் அறுந்திருக்கிறது.

கே: அப்போது ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்துவிடலாமா?

வேண்டவே வேண்டாம். உள்ளே 810 ஜூல் இருக்கிறது. முனை உருகி, உலோகத் துளி முகத்தில் தெறிக்கும். முன்பு வேண்டாம் என்ற அதே 2.2 கிலோ ஓம் இங்கே உதவும். 50 வாட் வயர்வவுண்ட் ரெசிஸ்டரை நன்கு இன்சுலேட் செய்த புரோபுகளில் கட்டி, அரை நிமிடம் பிடியுங்கள். பிறகு மீட்டரில் பாருங்கள்.

கே: பூஜ்யம் காட்டிய கெபாசிட்டர் கொஞ்ச நேரத்தில் மறுபடி வோல்ட் காட்டுகிறதே?

கெபாசிட்டரின் உள் படலத்தில் தங்கிய மின்னூட்டம் திரும்பிவருகிறது. வடித்த பிறகு இரண்டு டெர்மினலையும் ஒயரால் இணைத்தே வையுங்கள். வேலை முடிந்து மெயினைப் போடும் முன் அந்த ஒயரைக் கழற்ற மறக்காதீர்கள்.