அம்மாவைத் தட்ட வைப்பது எப்படி?

டிசம்பர் லீவுக்கு நங்கநல்லூர் வந்திருக்கும் பிள்ளைகளுக்கு மட்டும் இந்த வழிகாட்டி. நியூஜெர்சியிலிருந்து தினமும் "மாத்திரை போட்டுண்டியாம்மா?" என்று கேட்கிறீர்கள். அம்மா "உம்" என்கிறாள். அதே நேரம் மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானம் ஒன்று மொட்டைமாடியை உரசாத குறையாகப் போவதால், அந்த "உம்" உங்களுக்குக் கேட்பதில்லை. இதற்கு விஞ்ஞானபூர்வமான தீர்வு, என்.எஃப்.சி. ஸ்டிக்கர். மாத்திரை போட்டதும் போனை அதன் மேல் வைத்தால் உங்களுக்கு வாட்ஸப் சேதி.

முதலில் அம்மாவின் போன் செட்டிங்ஸில் NFC என்று தேடுங்கள். வரவில்லையென்றால் அந்த போனில் அது இல்லை. நம் ஊரில் விற்கும் விலை குறைந்த போன்கள் பலவற்றில் இருக்காது. நல்ல போன் வாங்கித் தராதது யார் என்ற ஆராய்ச்சியை அண்ணன் தம்பிகள் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

அடுத்து சேதியை ஸ்டிக்கரில் எழுத வேண்டும். NFC Tools போன்ற ஒரு செயலியில் இப்படி ஒரு முகவரி கொடுத்தால் போதும்:

```
https://wa.me/1XXXXXXXXXX?text=OK
```

இங்கேதான் தமிழ்ப்பற்று சோதிக்கப்படும். மலிவான NTAG213 ஸ்டிக்கரில் நாம் எழுத இருக்கும் இடமே 144 பைட். சில்லறைச் செலவும் உங்கள் நம்பரும் போக, சேதிக்கு நூற்றுச் சொச்சம்தான் மிஞ்சும். பிரவுசரிலிருந்து தமிழ் முகவரியை நகலெடுத்தால் ஒவ்வொரு குறியும் `%E0%AE%9A` என்கிற மாதிரி ஒன்பது எழுத்தாக நீண்டுவிடும். "மா" என்பதில் ம ஒரு குறி, துணைக்கால் இன்னொரு குறி. "சாப்டாச்சு" பத்துக் குறி, 90 பைட், உட்கார்ந்துவிடும். "மாத்திரை போட்டாச்சு" பதினெட்டுக் குறியும் நடுவில் ஒரு இடைவெளியும்; 165 பைட். வெளியே தள்ளிவிடும். ஆகவே ஒன்று, அம்மா மாத்திரையைச் சாப்பிட வேண்டும். அல்லது நீங்கள் 504 பைட் உள்ள NTAG215 வாங்க வேண்டும்.

இனி, ஒட்டும் இடம். எல்லாரும் முதலில் ஃப்ரிட்ஜ் கதவுக்கே ஓடுவார்கள். அங்கே வேலை செய்யாது. ஸ்டிக்கரில் பேட்டரி கிடையாது. போன் வீசும் காந்தப்புலத்திலிருந்துதான் அது உயிர் பெறுகிறது. பின்னால் இரும்புத் தகடு இருந்தால் அதில் சுழல் மின்னோட்டம் கிளம்பி அந்தப் புலத்தையே அடித்துவிடும். பீரோ, கிரில் கேட், எவர்சில்வர் சம்படம் எல்லாவற்றுக்கும் இதே கதிதான். ஃபெரைட் படலம் வைத்த ஸ்டிக்கர் தனியாகக் கிடைக்கிறது. அது உலோகத்தின் மேலும் பிழைக்கும். பிளாஸ்டிக் மாத்திரை டப்பா உத்தமம் என்று தோன்றும். ஆனால் உள்ளே மூடிவரை அடுக்கியிருக்கும் மாத்திரை அட்டைகளின் முதுகு அலுமினியம். மாதத் தொடக்கத்தில் டப்பா நிறைந்திருக்கும்போது தகராறு செய்யும், அட்டைகள் தீரத் தீரச் சரியாகிவிடும். இதற்கு நீங்கள் ஏதாவது அமானுஷ்யக் காரணம் கற்பிப்பதற்குமுன், டப்பாவுக்குப் பின்னால் உள்ள டைல்ஸில் ஒட்டிவிடுங்கள்.

தட்டும் முறையையும் சொல்லிக்கொடுங்கள். போன் திறந்திருக்க வேண்டும். பல ஆண்ட்ராய்டு போன்களில் ஆன்டெனா முதுகின் மேல்பாதியில் இருக்கிறது, ஐபோனில் தலை உச்சியில். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளினால் ஒன்றும் நடக்காது. போன் உறைக்குள் மெட்ரோவுக்கான சிங்காரச் சென்னை அட்டையைச் செருகி வைத்திருந்தால், போன் அதையும் படிக்கப் பார்த்துக் குழம்பும். அட்டையைப் பர்ஸுக்கு மாற்றுங்கள்.

எல்லாம் சரியாக அமைந்த பிறகும் சேதி வராது. ஸ்டிக்கர் வாட்ஸப்பைத் திறந்து வாக்கியத்தை எழுதி வைக்கும், அவ்வளவுதான். பச்சை அம்புக்குறியை அம்மாதான் அழுத்த வேண்டும். "தட்டிட்டேனேடா" என்பாள், சேதி அனுப்பாமல் அப்படியே கிடக்கும்.

அம்பையும் ஒழிக்க வேண்டுமானால், நீங்கள் கழித்துப்போட்ட பழைய ஐபோன் (எக்ஸ்ஆர், எக்ஸ்எஸ் அல்லது அதற்குப் பின் வந்தது) கைகொடுக்கும். Shortcuts செயலியில் Automation, அதில் NFC. ஸ்டிக்கரை ஒருமுறை காட்டி, Run Immediately தேர்ந்தெடுத்து, Send Message சேர்த்து, அதில் Show When Run என்பதை அணைத்துவிடுங்கள். இம்முறையில் ஸ்டிக்கரில் எதுவும் எழுத வேண்டாம். போன் அதன் எண்ணை மட்டும் ஞாபகம் வைத்துக்கொள்கிறது. தமிழில் எவ்வளவு நீளமாகவும் உருகலாம். உங்களிடமும் ஐபோன் இருந்தால் இணையம் வழியே இலவசமாக வரும். இல்லையென்றால் தினம் ஒரு வெளிநாட்டு எஸ்.எம்.எஸ். கட்டணம், அம்மா கணக்கில்.

இப்போது சேதி தவறாமல் வரும். ஆனால் போன் டைல்ஸைத் தொட்டதா என்பது மட்டும்தான் ஸ்டிக்கருக்குத் தெரியும். மாத்திரை உள்ளே போனதா என்பது தெரியாது. "முதல்ல தட்டிடறேன், காபி குடிச்சுட்டு போட்டுக்கறேன்" என்று அம்மா முடிவெடுக்க ஒரு வாரம் போதும். அதற்குள் உங்களுக்கு லீவு முடிந்திருக்கும். ஏழு நாள் மாத்திரையைப் பிரித்துப் போடும் பெட்டி மருந்துக்கடையிலேயே கிடைக்கும், அதையும் வாங்கி வைத்துவிட்டுப் போங்கள். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் காலி அறைகளைக் காட்டச் சொல்லலாம்.