கிளஸ்டரைக் கதறவைப்பது எப்படி?

ஒரு டெராபைட் தமிழ் உரை கைக்கு வந்திருக்கிறது. எந்தச் சொல் எத்தனை முறை வருகிறது என்று மேலாளர் கேட்கிறார். ஒழுங்காகச் செய்தால் சீக்கிரம் முடிந்துவிடும். உடனே அடுத்த வேலை வந்து நிற்கும். அந்த ஆபத்தைத் தவிர்க்க விரும்புவோருக்கு இந்தக் கையேடு.

முதல் கட்டமான மேப்பில் கெடுக்க அதிகம் இல்லை. கூகுளின் ஜெஃப் டீனும் சஞ்சய் கெமாவத்தும் 2004-இல் எழுதிய மேப்ரெட்யூஸ் கட்டுரையிலேயே சொல் எண்ணுவதுதான் உதாரணம். ஹடூப் உங்கள் கோப்பை 128 எம்பி துண்டுகளாகப் பிரித்தால் 8,192 துண்டுகள் வரும். ஒவ்வொரு துண்டையும் ஏதோ ஒரு கணினி தன்பாட்டுக்குப் படித்து, கண்ணில் படும் சொல்லுக்கெல்லாம் ஒரு சீட்டு எழுதும்:

```
for w in line.split():
    print(w, 1, sep="\t")
```

அடுத்தது ஷஃபிள். ஒரே சொல்லின் சீட்டுகள் எல்லாம் ஒரே கணினிக்குப் போய்ச் சேரவேண்டும்; அப்போதுதான் ரெட்யூஸ் கட்டத்தில் அவற்றைக் கூட்டமுடியும். வட்டில் எழுதி, வரிசைப்படுத்தி, நெட்வொர்க்கில் இழுத்து என்று நேரமெல்லாம் இங்கேதான் கரையும். ஆகவே நம் திறமையையும் இங்கேதான் காட்டவேண்டும்.

முதலில், கம்பைனரை மறந்துவிடுங்கள். ஒவ்வொரு துண்டிலும் 'ஒரு' என்ற சொல் லட்சம் முறை வருவதாக வைத்துக்கொள்வோம். கம்பைனர் இருந்தால், அனுப்பும் முன்பே அங்கேயே கூட்டி "ஒரு, 1,00,000" என்று ஒற்றைச் சீட்டாக்கிவிடும். அந்தச் சொல்லுக்கு மொத்தமே 8,192 சீட்டுகள்தான் பயணப்படும். இல்லாவிட்டால் அந்த ஒரு சொல்லுக்கே 81 கோடிக்கு மேல்!

அடுத்து, சொற்களை முதலெழுத்துப்படி பங்கிடுங்கள். உயிர் 12, மெய் 18, ஆக 30 ரெட்யூசர்கள். அகராதிபோல் அழகாக இருக்கும். ஆனால் ண, ழ, ள, ற, ன எழுத்துகளில் தமிழ்ச்சொல் தொடங்காதே? அந்த ரெட்யூசர்கள் சம்பளத்தோடு ஓய்வெடுக்கும். ட, ர, ல பக்கம் டீ, ரயில், லாரி என்று கொஞ்சம் நடமாட்டம் இருக்கும். ககரமும் பகரமும் மூச்சுத்திணறும். திரையில் `map 100% reduce 97%` என்று வந்து மணிக்கணக்கில் அப்படியே நிற்கும். சொல்லை ஹேஷ் செய்து 30-ஆல் வகுத்த மீதிப்படி அனுப்பியிருந்தால் வெவ்வேறு சொற்கள் ஏறக்குறைய சமமாகப் பரவியிருக்கும். கம்பைனரும் இருந்திருந்தால் 'ஒரு' போன்ற பெருஞ்சொற்களும் தொல்லை தந்திருக்காது.

ஹேஷ்தான் வேண்டும் என்று யாராவது அடம்பிடித்தால், மேப்பருக்குள்ளேயே பைத்தானின் `hash()` கொண்டு பங்கிடுங்கள். பைத்தான் 3.3 முதல் இது ஒவ்வொரு முறை நிரல் தொடங்கும்போதும் சரங்களுக்கு வேறு எண் தரும். ஒரு கணினி 'மழை'யை 4-ஆம் ரெட்யூசருக்கு அனுப்பும், இன்னொன்று 19-க்கு. பிழைச்செய்தி எதுவும் வராது. முடிவுக் கோப்புகளில் ஒரே சொல் வெவ்வேறு எண்ணிக்கையோடு பல இடங்களில் நிற்பதுதான் ஒரே அடையாளம். மேலாளர் அதைக் கண்டுபிடித்துவிட்டாலும் கவலை வேண்டாம். எல்லாவற்றையும் சேர்த்துக் கூட்ட இன்னொரு மேப்ரெட்யூஸ் ஓட்டவேண்டும் என்று சொல்லி ஒரு வாரம் கேளுங்கள்.