சொல்தா தாத்தா எழுதிய வாசல் கடிதம்

பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்று வந்தவர்களைப் புதுச்சேரியில் 'சொல்தா' என்பார்கள். அவர்களில் ஒரு வகையினர் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வருகிறார்கள். காலையில் கடற்கரைச் சாலையில் நடை, பிறகு தினசரி, மாலையில் திண்ணை. சட்டைப் பையில் எப்போதும் ஒரு மைப்பேனா இருக்கும். தெருவில் யாருக்காவது பிரெஞ்சில் ஒரு காகிதம் எழுத வேண்டும் என்றால் அந்தப் பேனா தானாக வெளியே வந்துவிடும். பென்ஷன் கணக்கில் பிசகா, ஆண்டுதோறும் அனுப்ப வேண்டிய உயிர்வாழ் சான்றிதழா, தூதரகத்தில் இருந்து புரியாத கடிதம் வந்திருக்கிறதா, எல்லாவற்றுக்கும் அவர்தான். காசு வாங்க மாட்டார். ஆனால் அவர் எழுதியதைக் கடைசி வரை உட்கார்ந்து கேட்க வேண்டும். காசு கொடுத்திருந்தால் மலிவாக முடிந்திருக்கும் என்று பலருக்குத் தோன்றியிருக்கிறது.

காகிதத்தின் மேல் இவர்களுக்கு இருக்கும் பக்தியைக் கேலி செய்வது எளிது. ஆனால் அதற்குக் காரணம் இருக்கிறது. 1962 ஆகஸ்ட் 16-ம் தேதி, பிரான்ஸ் புதுச்சேரியை இந்தியாவிடம் ஒப்படைத்தது சட்டப்படி நடைமுறைக்கு வந்தபோது, இங்கே பிறந்து இங்கேயே குடியிருந்தவர்கள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தொடர விரும்பினால் ஆறு மாதத்துக்குள் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றார்கள். எழுதிக் கொடுத்தவர் வீட்டில் யூரோ பென்ஷன் வருகிறது. யோசித்துக்கொண்டே இருந்தவர் வீட்டில் இன்னும் அந்த யோசனையைப் பற்றித்தான் பேசுகிறார்கள். ஒரே ஒரு காகிதத்தால் தெருவே இரண்டாகப் பிரிந்ததைப் பார்த்தவர், காகிதத்தை லேசாக எடுத்துக்கொள்வாரா?

எங்கள் தெரு சொல்தா தாத்தாவிடம் போன மாதம் ஒரு மனு வந்தது. மனுதாரர் மளிகைக்கடைக்காரர். அவருக்குப் பக்கத்து வீட்டு மாடியில் ஒரு பிரெஞ்சுக்காரர் வாடகைக்கு வந்திருக்கிறார். நல்ல மனிதர், சத்தம் கிடையாது. ராத்திரி வந்து காரை மளிகைக்காரர் வாசலை ஒட்டி நிறுத்திவிட்டு மாடியேறிவிடுவார். காலை ஐந்தரைக்கு வீட்டுக்கார அம்மா வாளியும் துடைப்பமுமாக வந்தால் வாசல் இருக்கும் இடத்தில் பம்பர் இருக்கும். காருக்கும் படிக்கும் நடுவே இருந்த சந்தில் அவர் போட்ட கோலத்தை நானே பார்த்தேன். ஒரே வரிசையில் ஐந்து புள்ளி, கம்பி நீட்டியது போல ஒரு கோடு. அதற்கு மேல் கை போகவில்லை.

மளிகைக்காரர் தமிழிலேயே எழுதிக் கொண்டுவந்திருந்தார். "ஐயா வணக்கம். நல்லா இருக்கீங்களா? வீட்ல எல்லாரும் சௌக்கியமா? தப்பா நினைச்சுக்காதீங்க. நம்ம வாசல்ல வண்டி நிக்கிறதால கோலம் போடக் கொஞ்சம் சிரமமா இருக்கு. அவசரம் ஒண்ணும் இல்ல. முடிஞ்சா கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க. இப்படிக்கு அன்புள்ள பக்கத்து வீட்டுக்காரர்."

"இதை அப்படியே பிரெஞ்சுல போட்டுக் குடுங்கய்யா, போதும்."

தாத்தா கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசித்தார். வாசித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார். பட்டாளத்தில் கைதியை விசாரிக்கும்போது இப்படித்தான் பார்த்திருப்பார் போல.

"அப்படியே போட்டா வண்டி அங்கயேதான் நிக்கும்."

"ஏங்கய்யா, மரியாதையாத்தானே எழுதியிருக்கேன்?"

"மரியாதைதான் பிரச்சினை. 'முடிஞ்சா'ன்னு எழுதியிருக்கியே, அவனுக்கு முடியலன்னா?"

மளிகைக்காரர் விழித்தார். நம் ஊரில் 'முடிஞ்சா கொஞ்சம் தள்ளி நிறுத்துங்க' என்று சொன்னால், கேட்டவர் சாவியைத் தேடிக்கொண்டு எழுந்துவிடுவார். பிரெஞ்சுக்காரர் அதைப் படித்துவிட்டு, முடியுமா முடியாதா என்று நேர்மையாக யோசிப்பார். இன்றைக்கு முடியாது என்று முடிவு செய்துவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவார். 'அவசரம் ஒண்ணும் இல்ல' என்பதற்கும் அதே கதி. அவசரம் இல்லை என்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாய், பிறகென்ன?

"'நம்ம வாசல்' வேற," என்று தாத்தா தொடர்ந்தார். "அவங்க பாஷையில நாமும் நாங்களும் ஒண்ணுதான். நம்ம வாசல்னு எழுதினா அவனுக்கும் அதுல பங்குன்னு படிச்சாலும் படிப்பான். 'என் வீட்டு வாசல்'னு எழுது."

"ஐயோ, என் வீடு உன் வீடுன்னு பிரிச்சுப் பேசற மாதிரி இருக்காதா?"

"வண்டி நிறுத்தறது பிரிச்சுப் பேசற விஷயந்தான்யா."

வீட்டில் எல்லாரும் சௌக்கியமா என்ற வரியை அவர் பேனாவால் அடிக்கவே இல்லை. விரலால் மறைத்துக்கொண்டார். தனியாகக் குடியிருக்கும் ஒருவரிடம், முகம் தெரியாதவன் சீட்டில் குடும்பத்தை விசாரித்தால் அவர் போலீசுக்குப் போவாரே தவிர, வண்டியை எடுக்கப் போக மாட்டார் என்பது அவர் கருத்து. கொஞ்சம் மிகைதான். ஆனாலும் முன்பின் பேசிப் பழகாதவரிடம் எழுத்தில் குடும்ப நலம் விசாரிக்கும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அவர்கள் மரியாதை வேறு இடத்தில் இருக்கிறது. முதலில் 'போன்ஜூர்' வேண்டும். அது இல்லாமல் தொடங்கும் எதுவும் சண்டைக்கு வந்ததாகவே கொள்ளப்படும். பிறகு 'வூ', அதாவது நம் நீங்கள். பிறகு வினைச்சொல்லைக் கட்டளையாக விடாமல் 'நிறுத்த இயலுமா' என்று வளைக்க வேண்டும். இத்தனையும் செய்துவிட்டால், விஷயத்தை மட்டும் பட்டென்று சொல்லலாம். எத்தனை மணிக்கு, எந்த இடத்தில், எதற்காக. நாம் விஷயத்தை வளைக்கிறோம், அவர்கள் வினைச்சொல்லை வளைக்கிறார்கள்.

இந்த இடத்தில் தாத்தாவின் பேரன் உள்ளே வந்தான். லீசேயில் படிக்கிறவன். தாத்தாவின் அவஸ்தையைப் பார்த்துவிட்டு நின்ற நிலையிலேயே ஒரு வரி கிறுக்கினான். 'போன்ஜூர், வாசல்ல நிறுத்தாம இருந்தா மெர்சி.' அவ்வளவுதான்.

தாத்தாவின் முகம் சிவந்தது. பிரெஞ்சில் 'இல்லை' என்பதற்கு இரண்டு துண்டு உண்டு, வினைச்சொல்லுக்கு முன்னால் ஒரு 'ந', பின்னால் ஒரு 'பா'. பேச்சில் முன்துண்டை முழுங்கிவிடுவார்கள். பையன் எழுத்திலும் முழுங்கியிருந்தான். "பாதி இல்லையைக் காணோமே, எங்கடா வச்சே?" என்றார் தாத்தா. அதோடு, காரியம் நடக்கும் முன்பே நன்றி சொல்வது நன்றி ஆகாது, உத்தரவுக்குச் சட்டை மாட்டிவிடுவது என்றும் ஒரு பிடி பிடித்தார். 'தயவுசெய்து' என்பதற்கு அகராதியில் கிடைக்கும் 'வெய்யே' என்ற சொல்லையும் அவர் ஏற்கவில்லை. இலக்கணப்படி அதில் குறையே கிடையாது. ஆனால் அலுவலகக் கதவிலும் ரயில் நிலையப் பலகையிலும் தொங்கித் தொங்கி அதற்குப் பலகையின் குரல் வந்துவிட்டது. அண்டை வீட்டுக்காரன் பலகை போலப் பேசக்கூடாது.

பையன் தோளைக் குலுக்கிவிட்டுப் போய்விட்டான். உண்மையைச் சொன்னால், விட்டுப்போன 'ந'வைச் சேர்த்துவிட்டு நேரத்தையும் குறிப்பிட்டிருந்தால் அவன் சீட்டே போதும். கார்க் கண்ணாடித் துடைப்பானுக்கு அடியில் செருகும் காகிதத்துக்கு நாலு வரி தாராளம். ஆனால் தாத்தா அதற்குள் கோடு போட்ட நல்ல காகிதத்தை எடுத்து, வலது மூலையில் 'போந்திஷேரி' என்று எழுதித் தேதியும் போட்டுவிட்டார். அடுத்து 'பொருள்: வாகன நிறுத்தம்'. பிறகு ஒரு கேள்வி கேட்டார்.

"ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பலாமா? அக்நாலெட்ஜ்மென்ட் கார்டோட?"

"பக்கத்து வீடுங்கய்யா."

"அதனாலென்ன? நாளைக்கு வரலைன்னு சொல்ல முடியாது பாரு."

பிரான்சில் வாகனம் நுழையும் வாசலை மறித்து நிறுத்தினால் 35 யூரோ அபராதம் என்ற தகவலையும் சேர்க்கப் பார்த்தார். மளிகைக்காரருக்கு அது பிடித்துவிட்டது. ஆனால் அந்தச் சட்டத்தின் மறுபாதியையும் தாத்தா சொன்னார். சொந்த வீட்டு வாசலாகவே இருந்தாலும் பொதுச்சாலையில் மறித்து நிறுத்தக்கூடாது என்று அங்கே உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பளித்திருக்கிறது. பகல் முழுக்கத் தன் மூன்று சக்கர டெலிவரி வண்டி நிற்கும் இடம் மளிகைக்காரருக்கு நினைவு வந்திருக்க வேண்டும். "சட்டமெல்லாம் எதுக்குங்கய்யா, மனுஷங்களுக்குள்ள" என்றார்.

கடிதம் இரண்டு பக்கம் வந்தது. நடுவில் சரக்கு உண்டு, அதை மறுக்க முடியாது. தினமும் காலை ஐந்தரை முதல் ஆறரை வரை வாசலில் அரிசி மாவால் கோலம் போடுவது வீட்டு வழக்கம், அதற்குக் கதவுக்கு முன்னால் இரண்டு மீட்டர் தேவை, இரவில் வண்டியைத் தெருமுனை வேப்பமரத்துப் பக்கம் நிறுத்த இயலுமா என்று தெளிவாகவே கேட்டிருந்தார். ஆனால் அந்தச் சரக்குக்கு முன்னால் அரைப்பக்கம் வாசல் தோரணம், பின்னால் அரைப்பக்கம் வழியனுப்பு. தொடக்கத்தில் 'முசே' என்று விளித்தால் முடிவிலும் அதே 'முசே' வர வேண்டும். 'எனது மேலான உணர்வுகளின் வெளிப்பாட்டை ஏற்றருளும்படி தங்களை வேண்டுகிறேன்' என்பது முடிவு. பெண்ணாக இருந்தால் 'உணர்வுகள்' கூடாது, அது அத்துமீறல், 'வணக்கங்கள்' தான் அனுப்ப வேண்டும் என்று கேட்காமலேயே விளக்கினார். மளிகைக்காரர் அசந்து போனார். அவர் தன் மாமனாருக்குக்கூட இவ்வளவு எழுதியதில்லை.

மறுநாள் ராத்திரி வண்டி வேப்பமரத்தடிக்குப் போய்விட்டது. காலையில் மளிகைக்காரர் கதவிடுக்கில் ஒரு மஞ்சள் சீட்டு இருந்தது. அதைக் கண்ணில் ஒற்றிக்கொள்ளாத குறையாகத் தாத்தாவிடம் கொண்டுவந்தார். நானும் எட்டிப் பார்த்தேன். 'போன்ஜூர், சரி, புரிந்தது. மன்னிக்கவும். கொர்தியால்மான்.' அதற்குக் கீழே ஒரு கையெழுத்து, அதுவும் முதல் எழுத்து மட்டும்.

தாத்தா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். 'கொர்தியால்மான்' என்றால் 'அன்புடன்' என்று வைத்துக்கொள்ளலாம். இப்போது மின்னஞ்சல் எழுதுகிறவர்களெல்லாம் கையெழுத்துக்கு மேலே ஒப்புக்கு ஒட்டிவிடும் சொல். இரண்டு பக்கத்துக்குப் பதில் ஒரு விரல் அகலம்.

"என்னங்கய்யா போட்டிருக்கார்? கோவமா?"

தாத்தா தொண்டையைச் செருமினார். சீட்டைச் சற்றுத் தூரமாகப் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். "மதிப்புக்குரிய ஐயா அவர்களுக்கு. தங்கள் கடிதம் கிடைக்கப் பெற்று மிகவும் மகிழ்ந்தேன். தங்கள் இல்லத்து அம்மாளின் கோலத்துக்கு என் வாகனம் இடையூறாக இருந்ததை அறிந்து மனம் வருந்துகிறேன். இனி அவ்வாறு நேராது. தங்கள் இல்லத்தார் அனைவரும் நலமாக இருக்க வேண்டுகிறேன்..." என்று போய்க்கொண்டே இருந்தது. பேரன் தண்ணீர்ச் செம்போடு வந்தவன், சீட்டைப் பார்த்தான், தாத்தாவைப் பார்த்தான், வந்த வழியே திரும்பிவிட்டான்.

மளிகைக்காரர் கையைக் கட்டிக்கொண்டு முழுவதும் கேட்டார்.

"நல்ல குடும்பத்துப் பிள்ளைங்கய்யா. இதுக்கு ஒரு பதில் போடணுமே?"

தாத்தா ஏற்கெனவே பேனா மூடியைத் திருகிக்கொண்டிருந்தார்.