ஆச்சியின் நகைப் பெட்டிக்கு நான் செய்த உபகாரங்கள்

பழைய மரச்சாமானை எப்படிப் புதுப்பிப்பது என்று என்னிடம் யாரும் கேட்க வேண்டாம். எந்தெந்த வழியில் கெடுக்கலாம் என்று கேட்டால், வரிசைக்கிரமமாகவே சொல்லுவேன்.

திருநெல்வேலியில் ஆச்சி வீட்டு சாமான் அறையை ஒழித்தபோது, குத்துவிளக்குச் சாக்குக்கு அடியில் கிடந்தது அந்த நகைப் பெட்டி. ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான நீளம். தோதகத்தி மரம். மூடியைச் சுற்றி வெளிர்நிற மரத்தில் மெல்லிசாக ஒரு கோடு பதித்திருந்தார்கள். பித்தளை நாதாங்கி, இரண்டு கீல். மேலே எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும் அப்பி, பூச்சு வலைவலையாக வெடித்து, ஒரு மூலை வாய் பிளந்திருந்தது. "தூக்கிப் போடு" என்றாள் ஆச்சி. "நான் சரி பண்ணித் தாறேன்" என்றேன். அந்த வாரம்தான் மேசை ஒன்றைப் பளபளவென்று ஆக்கும் வீடியோ பார்த்திருந்தேன். அதற்கு மேல் தகுதி எதுவும் எனக்குக் கிடையாது.

ஒரு காரியம் மட்டும் சரியாகச் செய்தேன். அடிப்பலகையில் குண்டூசித் தலை அளவு ஓட்டைகள் இருந்தன. பெட்டியைக் கறுப்புத் துணிமேல் வைத்து நாலைந்து நாள் விட்டேன். வண்டு உயிரோடு இருந்தால் பவுடர் மாதிரி மாவு உதிர்ந்திருக்கும். ஒன்றும் உதிரவில்லை. வண்டு எப்போதோ காலி செய்துவிட்டுப் போன வீடு. இந்த வெற்றியில் எனக்குத் தலை கனத்துப் போனது.

அடுத்து, அழுக்குப் போகட்டுமே என்று வெந்நீரில் பாத்திர சோப்பைக் கரைத்து நன்றாகத் தேய்த்துக் கழுவினேன். அழுக்குப் போனது. மூடி முழுக்க, சாம்பல் பூசணிக்காய் மாதிரி வெள்ளை பூத்தது. வாய் பிளந்திருந்த மூலைக்குத் துணையாக இன்னொரு மூலையும் பிளந்தது.

தெருக்கோடியில் ஒரு வயசான ஆசாரி இருக்கிறார். அவரிடம் அப்போதே போயிருக்கலாம். வெட்கமாக இருந்தது. அதனால் கடைக்குப் போய், இருந்ததிலேயே கரடான உப்புத்தாளை வாங்கி வந்து மூடியைத் தேய்த்தேன். அதுவும் மர ரேகைக்குக் குறுக்காக. ஊதா கலந்த பழுப்புத் தூள் பறந்து மூக்கு அடைத்தது, கண் எரிந்தது, முழங்கையெல்லாம் தடித்தது. தோதகத்தித் தூள் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது என்பதை உடம்பே சொல்லித் தந்தது. மூடியில் பூனை பிறாண்டியது போலக் கோடுகள். கத்தி மாதிரி இருந்த விளிம்பு மழுங்கி உருண்டு போனது. மழுங்கின விளிம்பு திரும்ப வராது. இதற்குப் பிறகுதான் பெட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு ஆசாரி வீட்டுக்குப் போனேன்.

அவர் மூடியைப் பார்க்கவே இல்லை. பெட்டியைத் தலைகீழாகத் திருப்பி, யார் கண்ணுக்கும் படாத ஒரு அடி விளிம்பில், ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சை வைத்து மெதுவாகத் தேய்த்தார். கொஞ்ச நேரத்தில் அந்த இடம் பிசுபிசுத்தது. பஞ்சில் தேன் நிறத்தில் கறை.

"அவலரக்கும்மா. ஸ்பிரிட்டுக்கு இளகும். வெந்நீருக்கும் சோப்புக்கும் ஆகாது. மேல வெடிச்சிருந்ததுல்லா, அதுக்கு ஸ்பிரிட்டும் கொஞ்சம் அரக்கும் தொட்டு லேசா ஓட்டியிருந்தா அதுவே இளகிக் கூடியிருக்கும். தேய்க்கவே வேண்டாம்."

அதாவது அரக்குப் பூச்சின் குணமே அதுதான். எத்தனை வருஷம் கழித்து மேலே பூசினாலும், புது அரக்கில் இருக்கும் ஸ்பிரிட் பழைய பூச்சைக் கொஞ்சம் கரைத்துக்கொண்டு அதோடு ஒன்றாகிவிடும். வார்னிஷ் அப்படிச் சேராது, மேலே தனி ஏடாகத்தான் உட்காரும். எந்தப் பூச்சு என்று பார்க்க ஒரு துளி ஸ்பிரிட் போதும். நான் ஒரு வாளி வெந்நீர் செலவழித்திருந்தேன்.

பிளந்த மூலைக்கும் அதே கதை. பழைய தச்சர்கள் ஒட்டியது வச்சிரத்தில். மாட்டுத்தோலைக் காய்ச்சி எடுக்கிற பசை அது, வெந்நீர் பட்டால் இளகிவிடும். இரண்டாவது மூலை பிளந்ததன் மர்மம் விளங்கியது. முதல் மூலைக்கு நான் ஏற்கெனவே வெள்ளைப் பசையைப் பிதுக்கி, கயிறு கட்டி வைத்திருந்தேன். ஆசாரி இரண்டு விரலால் லேசாக நெம்பினார், பொக்கென்று வந்தது. பழைய வச்சிரம் படிந்த இடத்தில் வெள்ளைப் பசை மரத்துக்குள் இறங்க வழியில்லை. என் பசையைச் சுரண்டிப்போட்டு, பழையதை வெந்நீர்த் துணியால் துடைத்து, காய வைத்து, புதுசாக வச்சிரம் வைத்து இறுக்கினார். மூடியில் இருந்த கீறல்களையும் அவரே உடைந்த கண்ணாடிச் சில்லால், ரேகை போகும் போக்கில், சுருள் சுருளாகச் சீவி எடுத்தார். பூச்சு வேலையை மட்டும் என்னிடம் விட்டார். அவ்வளவு பெருந்தன்மை.

அவலரக்கு என்பது அவல் மாதிரியே தட்டைத் தட்டையாக, தேன் நிறத்தில் இருக்கும். கால் லிட்டர் ஸ்பிரிட்டில் முப்பது கிராம் போட்டு, மூடி, ராத்திரி ஊற விட்டு, மறுநாள் வடிகட்ட வேண்டும். பஞ்சை மல் துணியில் பொட்டணமாகக் கட்டி, அதில் கொஞ்சம் ஊற்றி, மேலே ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, ஓடிக்கொண்டே தேய்க்க வேண்டும். பொட்டணம் ஒரு இடத்தில் நின்றால் அங்கேயே ஒட்டிக்கொண்டு பூச்சைப் பிய்த்துவிடும். எனக்கு அந்த நேரம் பார்த்து போன் அடித்தது.

அதைக்கூடச் சரிசெய்துவிட்டேன். சரியாகாமல் போனது அந்த வெளிர்க் கோடுதான். தோதகத்தியின் நிறம் ஸ்பிரிட்டில் கரையும். பொட்டணத்தை மூடியின் இந்த முனையிலிருந்து அந்த முனைக்கு உற்சாகமாக ஓட்டியபோது, கரைந்த ஊதாவைக் கொண்டுபோய்க் கோட்டிலெல்லாம் பூசிவிட்டேன். முதலில் மெல்லிய தூரிகையால் கோட்டுக்கு மட்டும் அரக்கு வைத்துக் காயவிட்டிருந்தால் நிறம் உள்ளே இறங்கியிருக்காது. இதை ஆசாரி சொன்னாரா என்று கேட்டால், சொன்னார். அப்போது நான் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தேன்.

போதாததற்கு அது ஐப்பசி. மழை ஈரத்தில் கடைசிப் பூச்சு மறுபடி வெள்ளை பூத்தது. ஸ்பிரிட் ஆவியாகும்போது பூச்சு குளிர்ந்து, காற்றில் இருக்கும் ஈரத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இந்தத் தடவை நான் உப்புத்தாளைத் தேடவில்லை. வெயில் அடிக்கும் நாளுக்குக் காத்திருந்து, ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் பொட்டணத்தால் ஒரு ஓட்டு ஓட்டினேன். வெள்ளை போய்விட்டது.

ஆச்சி பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இந்தக் கோடு வெள்ளையால்லா இருந்துச்சு?" என்றாள். ரோஸ் கலர்தான் இப்போது பேஷன் என்றேன். நகையை பேங்க் லாக்கரிலேயே விட்டுவிட்டு, பெட்டியில் ரேஷன் கார்டையும் மாத்திரைச் சீட்டுகளையும் வைத்துக்கொண்டாள்.

சித்திக்கு விஷயம் எட்டிவிட்டது. அவர்கள் வீட்டு ஊஞ்சல் பலகை வெளுத்துக் கிடக்கிறதாம், பொங்கலுக்குள் நான் வந்து பார்க்க வேண்டுமாம். சரி என்று சொல்லியிருக்கிறேன். ஊஞ்சலுக்கு வைத்தியம் பார்க்கத் தெரிந்த பெண் என்று அவள் பக்கத்து வீடுகளிலும் சொல்லி வைத்திருக்கிறாள். யாரும் மறுக்கவில்லை, நான் உட்பட.