அதே கோப்பு, மேடம்!

கேள்வி: இரவு 11.58க்கு அசைன்மென்ட்டை ஏற்றினேன், பாதியில் நின்றுவிட்டது. மேடத்துக்கு மின்னஞ்சலில் என்ன எழுதுவது?
– ஒரு மாணவி, கரமனை, திருவனந்தபுரம்

பதில்: மழையைக் காரணம் சொல்லாதீர்கள், இடவப்பாதி மழை மேடம் வீட்டிலும்தான் பெய்கிறது. நேரத்தைச் சொல்லுங்கள்: "மேடம், 11.58க்கு ஏற்றினேன், 12 மணிக்குப் பிழைச் செய்தி வந்தது. அதன் ஸ்கிரீன்ஷாட்டும் அதே கோப்பும் இத்துடன்." அந்த 'அதே'தான் முக்கியம். ஓர் எழுத்துப்பிழையைத் திருத்திச் சேமித்தாலும், கடைசியாகத் திருத்திய நேரம் நள்ளிரவைத் தாண்டிவிடும். தொடாமல் இணையுங்கள். செல்போனில் படம்பிடித்துச் சேர்த்த பிடிஎஃபா? ஏற்றம் நின்றதே அதன் எடையால் இருக்கலாம். ஜிமெயிலில் 25 எம்பி தாண்டினால் அது டிரைவ் இணைப்பாகத்தான் போகும். திறக்கும் அனுமதியையும் கொடுத்துவிடுங்கள்.