ரசீது வருகிறது, கணக்கு இல்லையாம்!

கேள்வி: ஐபோனில் ஆப்பிள் வழியாகப் பதிந்த செயலி, புது ஆண்ட்ராய்டு போனில் என் ஜிமெயிலைக் கொடுத்தால் ‘கணக்கே இல்லை’ என்கிறது. ரசீதுகள் மட்டும் அதே ஜிமெயிலுக்கு வருகின்றனவே?
– வாசகர், விழிஞ்ஞம்

பதில்: இரண்டும் உண்மைதான். பதியும்போது `Hide My Email` என்பதைத் தொட்டிருப்பீர்கள். அப்போது ஆப்பிள் உங்களுக்கு ஒரு புனைபெயர் சூட்டி, `@privaterelay.appleid.com` என்று முடியும் முகவரியைச் செயலிக்குக் கொடுத்துவிடும். அதற்கு வரும் கடிதங்களை உங்கள் ஜிமெயிலுக்குத் திருப்பிவிடும். செயலிக்கோ உங்கள் ஜிமெயில் யாரென்றே தெரியாது.

பழைய ரசீதைத் திறந்து ‘பெறுநர்’ வரியைப் பாருங்கள். பெரும்பாலும் அந்த முகவரி அங்கேயே இருக்கும். இல்லையென்றால் ஐபோன் அமைப்புகளில் உங்கள் பெயரைத் தொட்டு, `Sign in with Apple` பட்டியலில் அந்தச் செயலியைத் தேடுங்கள். கிடைத்த முகவரியைக் கொடுத்து ‘கடவுச்சொல் மறந்துவிட்டது’ என்று கேளுங்கள். கடிதம் ஜிமெயிலுக்கே வரும். கடவுச்சொல் வசதியே இல்லாத செயலி என்றால், அதே முகவரியைச் சேவை மையத்திடம் சொல்லுங்கள். அதுவரை திருப்பிவிடும் வசதியை மட்டும் அணைத்துவிடாதீர்கள்.