மூன்று முகம், மூன்று கொண்டை

கேள்வி: 'பவர்பஃப் கேர்ள்ஸ்' கார்ட்டூனில் அக்கா தங்கைகள் மூவரும் ஒரே அச்சு. எப்படிப் பிரித்தறிவது?

பதில்: முகத்தைப் பார்க்காதீர்கள், தலையைப் பாருங்கள்!

கிரெய்க் மெக்ராக்கன் உருவாக்கி 1998-இல் ஒளிபரப்பான இந்தத் தொடரில் மூவருக்குமே பெரிய கண், மூக்கில்லாத முகம், விரலில்லாத கை, இடுப்பில் கறுப்புப் பட்டை போட்ட கவுன். வடிவத்தில் வேறுபாட்டின் சுமை முழுவதும் முடியின் மேல்தான். நீண்ட செம்பட்டை முடியும் பெரிய சிவப்பு ரிப்பனும் இருந்தால் பிளாசம். பொன்னிற முடியில் இருபுறமும் குட்டிக் குடுமி என்றால் பபிள்ஸ். கழுத்தளவு கறுப்பு முடி பட்டர்கப்புக்கு.

கண்ணும் கவுனும் நிறத்தில் ஒத்துப்போகும்: பிளாசத்துக்கு இளஞ்சிவப்பு, பபிள்ஸுக்கு நீலம், பட்டர்கப்புக்குப் பச்சை. வேகமாகப் பறக்கும்போது உருவமே தெரியாது. பின்னால் நீளும் வண்ணக்கோடுதான் ஆளைச் சொல்லும்.

நிறமே போய்விட்டால்? ஓர் அத்தியாயத்தில் கோமாளி ஒருவன் ஊமை நடிகனாக மாறி ஊரின் வண்ணத்தையெல்லாம் உறிஞ்சிவிடுகிறான். கறுப்பு வெள்ளையான அந்த ஊரில் நீலமும் பச்சையும் உதவாது. ரிப்பன், குடுமி, குட்டை முடி என்ற வெளிக்கோடு மட்டும் அப்படியே நிற்கும். அழகான வடிவமைப்பு!